மருந்துச்சீட்டின் கூட்டுத்தொகை: மனநல மருந்துகளும் கியூடி இடைவெளியும்

2020 மே மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஹைட்ராக்சிகுளோரோகுயின் குறித்த தன் அறிவுரையைத் திருத்தி வெளியிட்டது. கொரோனாத் தடுப்புக்காக அம்மருந்தைத் தொடங்கும் முன் இ.சி.ஜி. எடுத்துக் கியூடி இடைவெளியைக் கணிக்கலாம் என்றும், எட்டு வாரங்களுக்கு மேல் தொடர்வதாயின் மீண்டும் எடுக்கலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. அதுவரை இதயநோய்ப் பிரிவுக்குள் மட்டும் புழங்கிய 'கியூடி' என்ற சொல் சில வாரங்களுக்கு நாளேடுகளிலும் இடம்பெற்றது. பிறகு அம்மருந்து கைவிடப்பட்டது, சொல்லும் மறைந்தது. ஆனால் அதே இடைவெளியை நீட்டும் மருந்துகள் பொதுமருத்துவரின் மேசையிலிருந்து ஒரு நாளும் அகலவில்லை. அவற்றுள் முதன்மையானவை மனநல மருந்துகள்.

திருவனந்தபுரத்தை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் 1999 முதல் இயங்கிவரும் ஊர் அது. மனச்சோர்வைக் குடும்ப நல மையத்திலேயே கண்டறிந்து சிகிச்சையைத் தொடங்கும் 'ஆஸ்வாசம்' திட்டமும் கேரளத்தின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. ஊளம்பாறை மருத்துவமனைக்குப் போகவேண்டிய அவசியமில்லாமல், இரத்த அழுத்தம் பார்க்கும் மருத்துவரே மனச்சோர்வையும் பார்க்கிறார் என்பது பெரிய சமூக மாற்றம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு லட்சம் பேருக்கு 28.5 தற்கொலைகள் நிகழ்ந்த மாநிலத்தில் (அகில இந்திய வீதம் 12.4) இம்மாற்றத்தை எவரும் குறைத்துப் பேச இயலாது. ஆயினும் மருந்து எழுதும் அதிகாரம் கீழ்மட்டம் வரை பரவிய வேகத்தில், அதனோடு வரவேண்டிய கண்காணிப்பு பரவவில்லை. மனநல மருத்துவர் 'இதயம் என் துறையன்று' என்கிறார். இதயநோய் மருத்துவர் 'மனநல மாத்திரையில் நான் கைவைப்பதில்லை' என்கிறார். நடுவில் நிற்கும் பொதுமருத்துவரோ இருவர் எழுதியதையும் நகலெடுத்து, தன் பங்குக்கு இரண்டு மாத்திரைகளைச் சேர்க்கிறார்.

கியூடி இடைவெளி என்பது இதயத்தின் கீழறைகள் மின்கிளர்ச்சி பெறத் தொடங்கும் கணத்திலிருந்து முழுமையாகத் தணிந்து அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும் கணம் வரையுள்ள நேரம். தணிதல் நிகழவேண்டுமானால் பொட்டாசியம் இதயச் செல்லிலிருந்து வெளியேறவேண்டும். அது வெளியேறும் முக்கியமான வாயில்களுள் ஒன்றைத்தான் ஹாலோபெரிடாலும் அமிசல்பிரைடும் சிடலோபிராமும் ஓரளவு அடைக்கின்றன. வாயில் குறுகினால் தணிதல் தாமதமாகிறது. அரைகுறையாகத் தணிந்த நிலையில் ஒரு தப்புத்துடிப்பு விழுந்தால், இ.சி.ஜி. கோடு முறுக்கிய கயிறுபோல் சுழலும் 'டோர்சாட்' என்னும் வேகத்துடிப்பு தோன்றலாம். அது தானே அடங்கினால் நோயாளிக்கு ஒரு மயக்கம்; அடங்காவிட்டால் திடீர் மரணம். தயோரிடசின் என்ற பழைய மருந்து இக்காரணத்தாலேயே 2000இல் கடும் கட்டுப்பாடுகளுக்கு உள்ளாகி, 2005இல் அதை உருவாக்கிய நிறுவனத்தாலேயே உலகச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இவ்விடத்தில் இரண்டு முகாம்கள் எழுகின்றன. இரண்டுமே தவறான இடத்தைப் பார்க்கின்றன.

முதல் முகாம் அச்சத்தின் முகாம். 2011 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து ஆணையம் சிடலோபிராமை நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் தரலாகாது என்றது. 2012 மார்ச்சில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 20 மில்லிகிராமே உச்சம் என்று சேர்த்தது. இதைக் கேட்ட சிலர் மனச்சோர்வு மருந்து என்றாலே இதயத்துக்கு நஞ்சு என்று முடிவு கட்டினர். ஆணையத்தின் எண்களைப் பார்த்தாலே இம்முடிவு பொருந்தாது என்பது விளங்கும். சிடலோபிராம் 20 மில்லிகிராம் கியூடியைச் சராசரியாக 8.5 மில்லிநொடியும் 60 மில்லிகிராம் 18.5 மில்லிநொடியும் நீட்டுகிறது. இந்தியாவில் பெரிதும் எழுதப்படுவது அதன் உடன்பிறப்பான எஸிடாலோபிராம். அது 10 மில்லிகிராமில் நீட்டுவது ஐந்து மில்லிநொடிக்கும் குறைவு. இயல்பான ஒருவரின் இடைவெளியே ஒரு நாளுக்குள் இதைவிடப் பல மடங்கு ஏறி இறங்கும். அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, எச்சரிக்கைக்குப் பின் சிடலோபிராம் அளவைக் குறைத்தவர்கள் கூடுதலாக மருத்துவமனையில் சேர்ந்தனர் என்று கண்டது. அச்சத்துக்கும் பக்கவிளைவு உண்டு.

இரண்டாம் முகாம் அலட்சியத்தின் முகாம். அதே படைவீரர் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு, 40 மில்லிகிராமுக்கு மேல் உண்டவர்களிடம் இதயத்துடிப்புக் கோளாறோ மரணமோ கூடவில்லை என்றது. 'பார்த்தீர்களா, இது வெறும் காகிதப் பூதம்' என்பது இவர்கள் வாதம். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் யார்? மிகப் பெரும்பாலோர் ஆண்கள். மருந்தால் வரும் டோர்சாட் பாதிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையது. பெண்களின் கியூடி இயல்பிலேயே சற்று நீளமானது. நெடுமங்காட்டிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள எழுபது வயதுப் பெண்ணுக்கு அமெரிக்கப் படைவீரரின் புள்ளிவிவரத்தை ஆறுதலாகக் காட்டுவது ஆய்வு நேர்மையாகாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தென்னிந்தியர்கள் அதைப் புறக்கணிக்கவே இயலாது. சிடலோபிராமையும் எஸிடாலோபிராமையும் கல்லீரலில் சிதைப்பதில் 'சைப் 2சி19' என்னும் நொதிக்குப் பெரும் பங்குண்டு. அந்நொதியின் செயலிழந்த மரபணு வடிவம் தென்னிந்தியரிடம் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய நிகழ்வெண்ணோடு காணப்படுகிறது என்று புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டினர். அப்படியானால் இரு பிரதிகளும் செயலிழந்தவர் ஏறத்தாழ பத்தில் ஒருவர். ஐரோப்பியரிடம் அத்தகையோர் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேர்தாம். இவர்கள் உடலில் அதே மாத்திரை அதிக செறிவில் அதிக நேரம் தங்கும். இவர்களுக்கும் சிடலோபிராம் 20 மில்லிகிராமே உச்சம் என்று அமெரிக்க ஆணையத்தின் அறிவிப்பே சொல்கிறது. மரபணுச் சோதனை பொதுமருத்துவரின் கைக்கு எட்டாது. 'இந்த நோயாளி அந்தப் பத்தில் ஒருவராக இருக்கக்கூடும்' என்ற எண்ணம் எட்டும். தவிர, ஒமிப்ரசோலும் எஸொமிப்ரசோலும் இதே நொதியைத் தடுக்கின்றன. வயிற்றெரிச்சலுக்கு எழுதும் ஒரு மாத்திரை, நல்ல நொதி உள்ளவரையும் கிட்டத்தட்ட நொதி அற்றவராக்கிவிடும்.

ஆக, ஆபத்து ஒரு மாத்திரையில் இல்லை. மருந்துச்சீட்டின் கூட்டுத்தொகையில் இருக்கிறது. தனித்தனியே ஐந்து, எட்டு, பத்து மில்லிநொடி என்று நீட்டும் பொருள்கள், பொட்டாசியம் குறைந்த ஓர் உடலில், ஒரே வாரத்தில் சந்திக்கும்போதுதான் விபத்து நேர்கிறது. இச்சந்திப்பு எப்படி நிகழ்கிறது என்பதை ஒரு மாதிரி நோயாளியைக் கொண்டு பார்க்கலாம். இவர் கற்பனை; இவருடைய மருந்துச்சீட்டு அன்று.

அறுபத்தெட்டு வயதுப் பெண், குமரி மாவட்டத்துக்காரர். எல்லைக்கு இந்தப்புறமுள்ள பலரைப்போல் இவரும் பெரிய சிகிச்சைகளுக்குத் திருவனந்தபுரமும் சிறிய நோய்களுக்கு உள்ளூர் மருத்துவருமாக வாழ்கிறவர். இரத்த அழுத்தத்துக்குக் குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் உண்கிறார்; அது சிறுநீர்வழியே பொட்டாசியத்தை மெல்ல வெளியேற்றும். கணவர் இறந்தபின் வந்த மனச்சோர்வுக்கு எஸிடாலோபிராம் 10 மில்லிகிராமும் குளோனசிபாம் 0.5 மில்லிகிராமும் கலந்த கூட்டு மாத்திரை தொடங்கப்படுகிறது. முதல் இ.சி.ஜி. நல்லவேளையாக எடுக்கப்பட்டது: துடிப்பு 75, கியூடி 400 மில்லிநொடி, திருத்திய அளவு 431. குறையொன்றுமில்லை.

மூன்று மாதங்களில் தூக்கம் போதவில்லை என்கிறார். மாத்திரை இரண்டாகிறது. தூக்கத்துக்காகக் குளோனசிபாமைக் கூட்டியதாக எழுதியவர் நினைக்கிறார். ஆனால் கூட்டு மாத்திரையாதலால் எஸிடாலோபிராமும் 20 ஆகிவிட்டது. அறுபத்தைந்தைக் கடந்தோர்க்குப் பிரிட்டிஷ் மருந்து ஒழுங்காணையம் 2011 டிசம்பரில் வகுத்த உச்சம் 10 தான். குமட்டலும் வயிற்று உப்புசமும் வர, உள்ளூரில் பான்டோப்ரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த மாத்திரை எழுதப்படுகிறது. டோம்பெரிடோனும் அதே பொட்டாசிய வாயிலை அடைப்பது. ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதைக் குறைந்த அளவில், ஒரு வாரத்துக்கு மிகாமல் தரவேண்டும் என்று கட்டுப்படுத்தியது. இங்கோ மெதுவாகக் கரையும் 30 மில்லிகிராம் வடிவில் மாதக்கணக்கில் அது உண்ணப்படுகிறது. 'கேஸ் மாத்திரை' என்ற பெயரில் உலவுவதால், மருந்துகளைச் சொல்லச் சொன்னால் நோயாளியின் நாவில் அது வருவதுமில்லை.

பிறகு ஒரு வாரம் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். லெவோஃப்ளாக்சசின் ஐந்து நாளுக்கு. அதுவும் கியூடியை நீட்டுவது. நான்காம் நாள் கழிவறையிலிருந்து எழும்போது அவர் விழுகிறார். 'நீர்ச்சத்துக் குறைந்திருக்கிறது' என்ற விளக்கம் தயாராக இருக்கிறது; அதில் பாதி உண்மையும் இருக்கிறது. அன்று இ.சி.ஜி. எடுத்தால்: துடிப்பு 60, கியூடி 510. பொட்டாசியம் 3.0. அறுபது துடிப்பில் திருத்தத்துக்கு வேலையில்லை. 510 என்பது 510 தான். முதல் அளவைவிட 79 மில்லிநொடி கூடுதல். 500ஐத் தாண்டியது, தொடக்க அளவைவிட 60க்கு மேல் உயர்ந்தது என்ற இரண்டு எல்லைகளும் உடைந்துவிட்டன. அத்தோடு மயக்கமும் சேர்ந்ததால் இது மறுநாள் பார்க்கும் காரியம் அன்று.

பொதுமருத்துவர் செய்யவேண்டியது இங்கே தெளிவு. டோம்பெரிடோனையும் லெவோஃப்ளாக்சசினையும் உடனே நிறுத்தவேண்டும். எஸிடாலோபிராமின் அடுத்த வேளையையும் நிறுத்திவைத்து, தொடர் கண்காணிப்புள்ள மருத்துவமனைக்கு அன்றே அனுப்பவேண்டும். குளோனசிபாமைத் திடீரென நிறுத்தலாகாது என்பதால் அதைத் தனி மாத்திரையாக எழுதி அனுப்புவது அவசியம். கூட்டு மாத்திரை செய்யும் தீங்கு இந்த நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு இ.சி.ஜி. தாள்களும் முழு மருந்துப் பட்டியலும் கூடவே போகவேண்டும். அங்கே பொட்டாசியத்தை நான்குக்கு மேல் உயர்த்துவர். டோர்சாட் தோன்றினால் மெக்னீசியம் சல்பேட் இரண்டு கிராம் நரம்புவழி செல்லும். திரும்பி வரும்போது மனச்சோர்வுக்கு மருந்தே இல்லாமல் விட்டுவிடுவது இரண்டாவது தவறாகும். கியூடி மீது மிகக் குறைந்த தாக்கமுள்ள செர்ட்ராலின் இருக்கிறது. டோம்பெரிடோனும் குளோர்தாலிடோனும் இல்லாத சீட்டில் எஸிடாலோபிராம் 10க்கே இடமுண்டா என்பதை மனநல மருத்துவரோடு பேசலாம்.

அந்த 510 என்ற எண்ணை யார் அளப்பது என்பது அடுத்த சண்டை. இயந்திரம் தாளின் தலைப்பில் அச்சிடும் எண்ணைப் படித்துவிட்டு 'இ.சி.ஜி. நார்மல்' என்று எழுதும் பழக்கம் கண்காணிப்பாகாது. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஒரு சிறு கட்டம் 40 மில்லிநொடி. 'டி' அலையின் முடிவை ஒரு கட்டம் தள்ளிக் குறித்தாலே இயல்பு என்பது அபாயமாகிவிடும். எனவே இரண்டாம் தடத்திலோ வி5 தடத்திலோ, 'டி' அலையின் இறங்குமுகத்தில் செங்குத்தான பகுதிக்கு ஒரு தொடுகோடு வரைந்து, அது அடிக்கோட்டை வெட்டும் இடத்தை முடிவாகக் கொண்டு, மூன்று முதல் ஐந்து துடிப்புகளின் சராசரியை எடுக்கவேண்டும். பின்தொடரும் சிறிய 'யு' அலையைச் சேர்க்கலாகாது. பென்சிலும் அளவுகோலும் போதும். இரண்டு நிமிட வேலை.

இயந்திரத்தின் பிழை அச்சத்தின் பக்கமும் சாயும். துடிப்பு வேகமானால் கியூடி இயல்பாகவே சுருங்குவதால் அதைத் திருத்திக் காணவேண்டும். பெரும்பாலான இயந்திரங்கள் 1920இல் பேசெட் வகுத்த சூத்திரத்தையே பயன்படுத்துகின்றன. அதே ஆண்டில் ஃபிரிடெரிசியா வகுத்ததும் உண்டு. RR என்பது இரு துடிப்புகளுக்கு இடையிலுள்ள நேரம், நொடியில்:

```
Bazett:     QTc = QT / √RR
Fridericia: QTc = QT / ∛RR
```

குளோசபின் உண்ணும் இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அம்மருந்து துடிப்பை வேகப்படுத்துவது. நிமிடத்துக்கு 100 என்று வைத்தால் RR 0.6 நொடி. அளந்த கியூடி 370. பேசெட் தரும் விடை 478, ஃபிரிடெரிசியா தருவது 439. முதல் எண்ணைக் கண்டு பதறி, வேறெந்த மருந்துக்கும் மசியாத மனச்சிதைவை அடக்கிவைத்திருக்கும் ஒரே மருந்தை நிறுத்தினால், இல்லாத நோய்க்காக இருக்கும் நோயைத் திறந்துவிட்டதாகும். வேகமான துடிப்பில் பேசெட் மிகைப்படுத்துகிறது. பீட்டா தடுப்பான் உண்டு மெதுவாகத் துடிக்கும் இதயத்தில் அதே சூத்திரம் குறைத்துக் காட்டுகிறது. அறுபதிலிருந்து விலகும் எந்தத் துடிப்புக்கும் ஃபிரிடெரிசியாவே நம்பத்தக்கது. இடக்கிளை அடைப்பால் 'கியூ.ஆர்.எஸ்.' அகன்றிருக்கும் நோயாளியிடமோ இரண்டுமே பொய் சொல்லும். அத்தாளை இதயநோய் மருத்துவர் பார்ப்பதே முறை.

மனநோய் எதிர்ப்பு மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதும் இன்னொரு சோம்பல். அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால், சிப்ராசிடோன் ஆகியவை கியூடியைக் கணிசமாக நீட்டுவன. ஹாலோபெரிடாலை நரம்பூசியாகத் தரும்போது அபாயம் கூடும் என்று அமெரிக்க ஆணையம் 2007இலேயே எச்சரித்தது. அரிபிபிரசோலும் லுராசிடோனும் ஏறத்தாழ ஒன்றும் செய்யாதவை. ஆனால் கியூடி குறைவாக நீண்டால் மரணமும் குறையும் என்று நேர்க்கோடு வரைய இயலாது. 2009இல் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து வந்த பெரிய ஆய்வில் பழைய மருந்துகளும் புதியவையும் திடீர் இதய மரணத்தை ஏறத்தாழ இருமடங்காக்கின. அளவு கூடக்கூட அபாயமும் கூடியது. கியூடி ஒரு நிழல். அளவுக்கு நிழல் பார்ப்பது பயன் தரும், நிழலே உருவமாகாது.

'மனச்சோர்வு மாத்திரை எழுதும் ஒவ்வொருவருக்கும் இ.சி.ஜி. என்றால் குடும்ப நல மையம் தாங்குமா?' என்ற கேள்வி நியாயமானது. தாங்காது, தாங்கவும் வேண்டியதில்லை. வேறு மருந்தேதும் உண்ணாத முப்பது வயதுக்காரருக்கு எஸிடாலோபிராம் 10 எழுத இ.சி.ஜி. தேவையில்லை, இ.சி.ஜி. இல்லை என்று காத்திருக்க வைப்பதே அவருக்குத் தீங்கு. தேவைப்படுவோர் வேறு: அறுபத்தைந்தைக் கடந்தவர், இதயநோய் உள்ளவர், மயக்கம் வந்தவர், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் கண்டவர், நீர்மாத்திரை உண்பவர், கியூடியை நீட்டும் இரண்டாவது மருந்து சேர்க்கப்படுபவர், அமிசல்பிரைடோ ஹாலோபெரிடாலோ தொடங்குபவர். இவர்களுக்குத் தொடங்கும்முன் ஒன்று. அளவை உயர்த்தி இரத்தத்தில் மருந்து நிலைபெறும் ஒன்றிரண்டு வாரங்களில் மற்றொன்று. எஸிடாலோபிராமின் அரைவாழ்வு ஏறத்தாழ முப்பது மணிநேரம், முதியோரில் இன்னும் நீளும். ஆதலால் உயர்த்திய மறுநாள் எடுக்கும் தாள் எதையும் சொல்லாது. இ.சி.ஜி.யோடு பொட்டாசியமும் பார்க்கப்படவேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கிலேயே அறுபதைக் கடந்தோர் 12.6 விழுக்காடு என்ற கேரளத்தில் இப்பட்டியல் சிறியதாக இராது என்பது மெய்தான்.

ஆண்களில் 440, பெண்களில் 470 வரை மருந்தைத் தொடரலாம். அங்கிருந்து 500 வரை சீட்டை வரிவரியாகப் படித்து, விலக்கத்தக்கதை விலக்கி, அளவைக் குறைத்து, மீண்டும் அளக்கவேண்டும். பெரும்பாலும் விலக்கத்தக்கது மனநல மருந்தாக இராது. டோம்பெரிடோனாகவோ, தேவையின்றி எழுதிய அசித்ரோமைசினாகவோ இருக்கும். 500க்கு மேல் நிறுத்தலும் அனுப்புதலும்.

மார்த்தாண்டத்துப் பெண்ணின் கதையில் ஐந்து இடங்களில் யாரேனும் ஒருவர் தடுத்திருக்கலாம். கூட்டு மாத்திரையை இரட்டித்தவர், 'கேஸ் மாத்திரை'யை மாதக்கணக்கில் தொடரவிட்டவர், நீர்மாத்திரைக்குப் பின் பொட்டாசியம் பார்க்காதவர், லெவோஃப்ளாக்சசின் எழுதியவர், அதைச் சீட்டோடு ஒப்பிடாமல் கொடுத்த மருந்துக்கடைக்காரர். அவர்களில் ஒருவரிடமும் மற்றவர்கள் எழுதிய தாள் இருந்ததில்லை. அது நோயாளியின் பையில், பழைய நெகிழி உறைக்குள், இரண்டு மொழிகளில் மடிந்து கிடந்தது. எவரும் கேட்டு வாங்கவில்லை.